34 கோடி என்ற எண் எங்கிருந்து வந்தது?

வாசகர் கடிதம்

ஐயா, அவிநாசி வட்டாரத்தில் 12,000 கதிர் கொண்ட நூற்பாலை நடத்துகிறேன். அப்பா தொடங்கியது, 2012 முதல் என் பொறுப்பு. ஓர் ஆண்டுகூட நஷ்டம் காட்டியதில்லை. எட்டு மாதமாக மூடிக்கிடக்கும் பக்கத்து மில், 14,400 கதிர், விலைக்கு வருகிறது. 2021 கடைசியில் 42 கோடிக்குக் கேட்டும் கொடுக்காதவர் இப்போது 34 கோடிக்கு இறங்கியிருக்கிறார். மதிப்பீட்டாளர் 35 கோடி பெறும் என்கிறார். 95 சதவீத ஓட்டம், கிலோவுக்கு 45 ரூபாய் மிச்சம் என்று போட்டால் மூன்று ஆண்டுக்குள் போட்ட பணம் வந்துவிடும். என் மில்லை ஈடாக வைத்தால் வங்கி 22 கோடி தருகிறது. முன்பணம் 25 லட்சமும் ஆய்வுச் செலவு 13 லட்சமும் கொடுத்தாகிவிட்டது. கரூர்க்காரர் ஒருவரும் கேட்கிறாராம். கணக்குப் பார்க்கும் என் மச்சான் மட்டும் வேண்டாம் என்கிறார். அவர் எதற்கும் தயங்குகிறவர். 32 கோடிக்குப் பேசி முடித்துவிடலாமா? பத்தாண்டுக் கணக்குகளை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பட்டயக் கணக்காளரின் பதில்

அன்புள்ள வாசகருக்கு,

32 கோடிக்கு முடிக்காதீர்கள். மில்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்திலேயே, உங்களுக்குத் தெரிந்த தொழிலில், உங்கள் ஆட்களையே வைத்து ஓட்டக்கூடிய ஆலை என்பது நல்ல வாய்ப்புதான். ஆனால் நீங்கள் அனுப்பிய பத்தாண்டுக் கணக்கை இரண்டு நாள் உட்கார்ந்து படித்த பிறகு, அந்த மில்லுக்கு 20 கோடிக்கு மேல் என்னால் விலை போட முடியவில்லை. எனக்கும் உங்களுக்கும் இடையே இத்தனை கோடி வித்தியாசம் ஏன் வந்தது என்பதைத்தான் இங்கே விளக்க வேண்டும்.

விலைக்குப் பிறந்த விலை

நீங்கள் எழுதியிருக்கும் எண்களில் 42 தான் மூத்தது. 34, 35, 32 மூன்றும் அதன் பிள்ளைகள். 42-ஐ முதலில் கேட்டதால் 34 மலிவாகத் தெரிகிறது. 34-ஐக் கேட்டதால் 32 சாமர்த்தியமாகத் தெரிகிறது. ஆனால் அந்த 42 கோடியை யாரும் கொடுக்கவில்லை. கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர்கள் குவிந்து, நூல் விலை மாதாமாதம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் வாயால் சொன்ன எண் அது. அன்றைக்கே கைமாறாத விலை, எட்டு மாதம் பூட்டிக்கிடக்கும் இன்றைய ஆலைக்கு எப்படி அளவுகோல் ஆகும்?

முதலில் காதில் விழுந்த எண்ணைச் சுற்றியே மனம் கணக்குப் போடுவதை நங்கூரச் சாய்வு என்கிறார்கள். படகு எவ்வளவு அசைந்தாலும் நங்கூரக் கயிற்றின் நீளத்துக்குள்தான் அசையும். அனுபவசாலிகளுக்கு இது நேராது என்று நீங்கள் நினைக்கலாம். 1987-ல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இருவர் அமெரிக்காவின் டூசான் நகரில் வீட்டு விற்பனையையே தொழிலாகக் கொண்ட தரகர்களிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் ஒரே வீட்டையும் ஒரே விவரத் தாள்களையும் காட்டினார்கள். விற்பவர் கேட்கும் விலையை மட்டும் ஆளுக்கு ஒன்றாக மாற்றி வைத்தார்கள். அதிக விலை பார்த்தவர்கள் அதிகமாகவும், குறைந்த விலை பார்த்தவர்கள் குறைவாகவும் மதிப்பிட்டார்கள். கேட்ட விலையையா வைத்து மதிப்பிட்டீர்கள் என்று விசாரித்தால், பெரும்பாலோர் இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நங்கூரம் விழுந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே உங்கள் மதிப்பீட்டாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வேலையைத் தொடங்கும் முன் 34 கோடி என்ற விலை அவர் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால், அவருடைய 35 கோடி தனிச் சாட்சி ஆகாது. என் அனுபவத்திலும் இது நடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலையை மதிப்பிடப் போன இடத்தில், உரிமையாளர் வாசலிலேயே தன் விலையைச் சொல்லிவிட்டார். நேர்மையாகத்தான் கணக்குப் போட்டேன். விடை அவர் சொன்னதற்கு மிக அருகில் வந்து நின்றது. மறு ஆண்டு அதே ஆலைக்கு, அந்த விலையை அறியாத வேறொரு பொறியாளர் போட்ட மதிப்பு என்னுடையதில் பாதியைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து, கணக்கை முடிக்கும்வரை விலையைச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறேன்.

பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்களும் இதிலிருந்து தப்பவில்லை. ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கும்போது பேசப்படும் விலை, அந்தப் பங்கு கடந்த 52 வாரங்களில் தொட்ட உச்ச விலையின் பக்கமாக இழுபடுகிறது என்பதை பேக்கர், பான், வர்க்லர் மூவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். உச்சத்தில் இருந்த நாளின் விலையை விற்பவர் மறப்பதில்லை. வாங்குபவரும் அதை மதித்து விடுகிறார். உங்கள் கதையில் 42 கோடி செய்துகொண்டிருக்கும் வேலையும் அதுவே.

உங்கள் பேரேடு சொல்வது

கிலோவுக்கு 45 ரூபாய் மிச்சம் என்று எழுதினீர்களே, அந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன். 2021-22 கணக்கில் இருக்கிறது. பத்தாண்டில் அந்த ஒரே ஆண்டில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு 34 ரூபாய். அடுத்த ஆண்டு, 2022-23-ல், வெறும் 9 ரூபாய். மற்ற ஏழு ஆண்டுகளும் 14-க்கும் 27-க்கும் இடையில் நிற்கின்றன. பத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 22. ஓட்டமும் அப்படித்தான்: நீங்கள் 95 சதவீதம் போட்டிருக்கிறீர்கள், ஆனால் தினமும் நீங்களே நின்று பார்க்கும் உங்கள் சொந்த மில்லின் சராசரி 88, மிகச் சிறந்த ஆண்டில் 91.

சென்ற நல்ல ஆண்டை எல்லா ஆண்டுக்கும் நீட்டிப் போடுவதுதான் மிகை நம்பிக்கையின் வழக்கமான வடிவம். அதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 2021-22-ல் சம்பாதித்ததை உங்கள் திறமையின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று உங்கள் தாள்களைப் படிக்கையில் தோன்றுகிறது. திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2021 தொடக்கத்தில் ஒரு கேண்டி பஞ்சு, அதாவது சுமார் 356 கிலோ, 45,000 ரூபாய் அளவில் இருந்தது. 2022 மே மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பஞ்சை முன்கூட்டி வாங்கி இருப்பில் வைத்திருந்த எல்லா மில்லும் அந்த ஏற்றத்தில் சம்பாதித்தது. நீங்களும் நான்கு மாத இருப்பு வைத்திருந்தீர்கள். பிறகு பஞ்சு இறங்கியபோது, உயர்ந்த விலைக்கு வாங்கிய அதே இருப்பு உங்களை 9 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. நடத்தியவர் ஒரே ஆள், வாங்கிய முறையும் ஒன்றே. 45-ஐத் திறமை என்றும் 9-ஐச் சந்தை என்றும் நாம் பிரித்து எழுதும்போதுதான் கணக்கு கோணலாகிறது.

நமக்குத் தெரியும் என்ற உறுதிக்கும் உண்மையில் தெரிந்ததற்கும் உள்ள இடைவெளியை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க நிறுவனங்களின் நிதித் தலைவர்களிடம், அடுத்த ஓராண்டில் பங்குச் சந்தையின் வருவாய் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று கேட்டார்கள். பத்தில் எட்டு முறை விடை உள்ளே விழும்படி எல்லையை அகலமாகப் போடுங்கள் என்றும் சொன்னார்கள். ஆண்டுக்கணக்கில் திரட்டிப் பார்த்தபோது, நூற்றுக்கு 36 முறைதான் விடை உள்ளே விழுந்தது. பென் டேவிட், கிரஹாம், ஹார்வி ஆகியோர் 2013-ல் வெளியிட்டது இது. எண்களோடு வாழ்கிறவர்களின் நிலை இப்படியென்றால், உங்களையோ என்னையோ குறை சொல்ல ஏதுமில்லை. சொந்தப் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவது ஒன்றே வழி.

அப்படி எழுதினால் என்ன வருகிறது என்று பாருங்கள். 30-ம் நம்பர் பனியன் நூல் ஓட்டினால், நூல் நூற்கும் பழைய ரிங் பிரேம் இயந்திரங்களில் அந்த மில்லின் முழு உற்பத்தி ஆண்டுக்குச் சுமார் 28 லட்சம் கிலோ. 88 சதவீத ஓட்டம், கிலோவுக்கு 22 ரூபாய் என்றால் 5.4 கோடி. இயந்திரங்களைப் பழுது பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்ற ஆண்டுக்கு 60 லட்சம் ஒதுக்கினால் 4.8 கோடி நிற்கும். பூட்டிக்கிடந்த ஆலை முதல் நாளே முழு வேகம் எடுக்காது. ஆள் சேர வேண்டும், வாடிக்கையாளர் திரும்ப வேண்டும். ஆகவே முதல் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி, இரண்டாம் ஆண்டுக்கு மூன்றரைக் கோடி என்று வைத்தேன்.

உங்கள் கணக்கில் இரண்டு செலவுகள் இல்லவே இல்லை. மில்லைத் திரும்ப ஓட வைக்க, ஈரப்பதக் கருவியும் கம்ப்ரசரும் சேர்த்து, நீங்கள் இணைத்த பொறியாளர் அறிக்கையின்படியே 4 கோடி வேண்டும். இரண்டாவது, பஞ்சு. அந்த ஓட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 கேண்டி வேண்டும். கேண்டி 55,000 ரூபாய் என்று வைத்து இரண்டு மாத இருப்பு போட்டாலே 9 கோடி உள்ளே முடங்கும். வங்கி அதில் ஒரு பகுதியைத் தரலாம்; அதற்கும் வட்டி உண்டு. 34 கோடியில் கடன் போக 12 கோடி போதும் என்று நினைத்தீர்கள். தேவைப்படுவது 25 கோடி.

பத்து ஆண்டுக்கு வரும் பணத்தை 13 சதவீத வட்டி கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தேன். பத்தாம் ஆண்டு முடிவில் நிலமும் கட்டடமும் 20 கோடிக்குப் போகும் என்றும், பஞ்சில் முடங்கிய பணம் திரும்பும் என்றும் தாராளமாகவே சேர்த்தேன். முதலில் போட வேண்டிய 13 கோடியைக் கழித்தால் 18 கோடிக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. இரண்டு மில்லுக்கும் ஒரே மேலாளர், ஒன்றாகப் பஞ்சு வாங்குவது என்று ஆண்டுக்கு 50 லட்சம் மிச்சமாகும் என நீங்கள் எழுதியதையும் முழுதாக ஒப்புக்கொண்டால்தான் 20 கோடியைத் தொடுகிறது. வருமான வரியை நான் இன்னும் கழிக்கவில்லை.

என் எண்களை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 34 கோடி சரியான விலையாக வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும்? இதே கணக்கில், கிலோவுக்கு 33 ரூபாய் பத்தாண்டும் தொடர்ந்து நிற்க வேண்டும். உங்கள் பேரேட்டில் அதைத் தொட்டவை இரண்டே ஆண்டுகள்.

வங்கியும் கரூர்க்காரரும்

வங்கி தருகிறது என்றால் திட்டம் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வங்கி பார்ப்பது தன் பணம் திரும்புமா என்பதை. ஓடுகிற உங்கள் மில்லை ஈடாக வாங்கிக்கொண்ட பிறகு அதன் பணம் பத்திரம். உங்களுடையது அப்படி இல்லை. 22 கோடியை ஏழு ஆண்டில், 10 சதவீத வட்டியில் அடைப்பதாக வைத்தால் மூன்றாம் ஆண்டில் அசலும் வட்டியுமாக 4.7 கோடி கட்ட வேண்டும். அந்த ஆண்டு 2022-23 போல அமைந்தால், கிலோவுக்கு 9 ரூபாயில் உங்கள் மில்லில் 1.9 கோடியும் புதிய மில்லில் 1.6 கோடியும் வரும். 1.2 கோடி துண்டு விழும். அப்போது சிக்கலில் நிற்பது அப்பா தொடங்கிய ஆலை. இந்த ஒரு கணக்கைத்தான் நான் மிகவும் கவலையோடு உங்கள் முன் வைக்கிறேன்.

கரூர்க்காரர் உண்மையிலேயே இருக்கலாம். இருந்தாலும் அவர் தரும் விலை அந்த மில்லின் மதிப்பைக் கூட்டாது. போட்டி வந்ததும் இலக்கு மாறிவிடுகிறது: எவ்வளவு பெறும் என்ற கேள்வி போய், விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது வந்து உட்காருகிறது. டாடா ஸ்டீல், கோரஸ் என்ற ஐரோப்பிய எஃகு நிறுவனத்துக்கு 2006 அக்டோபரில் பங்குக்கு 455 பென்ஸ் என்று தொடங்கியது. பிரேசில் நிறுவனம் ஒன்று எதிரே வந்த பிறகு, 2007 ஜனவரியில் 608 பென்ஸுக்கு வாங்கி முடித்தது. எதிரணி நின்ற இடம் 603. 2013-ல் தன் முதலீட்டு மதிப்பில் சுமார் 160 கோடி டாலரைக் கணக்கில் எழுதித் தள்ள நேர்ந்தது. 2008-ன் உலக நெருக்கடிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் ஏலத்தின் தலையில் போட முடியாது. ஆனால் நல்ல ஆண்டுகளின் மிச்சத்தை நம்பிக் கொடுத்த கூடுதல் விலை, கெட்ட ஆண்டுகளைத் தாங்க இடம் வைப்பதில்லை.

38 லட்சமும் மச்சானும்

ஆய்வுக்குக் கொடுத்த 13 லட்சம் வாங்கினாலும் வராது, விட்டாலும் வராது. முடிவில் அதற்கு இடமில்லை. முன்பணம் 25 லட்சம் வேறு விஷயம். விற்பனை ஒப்பந்தத்தில் ஆய்வு திருப்தி அளிக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற வாசகம் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அப்படி இல்லாவிட்டாலும், விற்பவர் முழுவதையும் வைத்துக்கொள்ள முடியுமா என்பது ஒப்பந்தத்தின் சொற்களையும் அவருக்கு நேர்ந்த இழப்பையும் பொறுத்தது. பேசித் திருப்பி வாங்க இடமுண்டு. அது போனாலும்கூட, 25 லட்சத்தைக் காப்பாற்ற 12 கோடி அதிகம் கொடுப்பது முறையாகாது. அதே வழக்கறிஞரிடம் மின்கட்டணப் பாக்கி, தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிப் பாக்கி, பணிக்கொடை பற்றியும் கேளுங்கள்; ஆலையோடு சேர்ந்து வாங்குபவர் தலையில் இறங்கக்கூடியவை அவை.

மச்சான் எதற்கும் தயங்குகிறவர் என்றீர்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை. எப்படிப்பட்டவர் என்பதை மட்டும் எழுதினீர்கள். ஒருநாள் அவரையும், ஸ்பின்னிங் மாஸ்டரையும், மின்பொறுப்பாளரையும் உட்கார வைத்து இப்படிச் சொல்லுங்கள்: "மில்லை வாங்கி மூன்று ஆண்டு ஆகிவிட்டது, மூடும்படி ஆகிவிட்டது. ஏன் என்று ஆளுக்கு ஒரு தாளில் எழுதுங்கள்." கேரி கிளெய்ன் என்ற உளவியலாளர் பரவலாக்கிய முறை இது. முதலாளிக்கு எதிராகப் பேச வேண்டிய சங்கடம் இதில் இல்லை. நடந்துவிட்டதற்குக் காரணம் சொல்வதாகத்தான் இருக்கும். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது, நீங்கள் கடைசியில்தான் பேச வேண்டும். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, ஒருவர் சொன்ன விலை அடுத்தவர் காதில் விழாமல் இருப்பதில் அந்தப் பெரியவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

இனி என்ன செய்யலாம்

விற்பவரிடம் விலை பேசுவதைச் சிறிது காலம் நிறுத்துங்கள். மில்லை இரண்டு ஆண்டுக்குக் குத்தகைக்குக் கேளுங்கள். குத்தகை முடிவில் வாங்கும் முதல் உரிமை உங்களுக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். மூடிக்கிடக்கும் ஆலைக்கு ஓட்டம்தான் மருந்து என்பது அவருக்கும் தெரியும். சீர்ப்படுத்தும் 4 கோடியை யார் போடுவது, வாங்காவிட்டால் அது எப்படித் திரும்பும் என்பதைத் தெளிவாக எழுதாமல் மட்டும் இறங்காதீர்கள். இரண்டு ஆண்டில் அந்த ரிங் பிரேம்கள் என்ன ஓட்டம் தருகின்றன, எவ்வளவு ஆள் சேருகிறது என்பது எல்லாம் ஊகமாக இல்லாமல் உங்கள் பேரேட்டிலேயே இருக்கும்.

அவர் விற்றே தீர வேண்டும் என்றால், விலையை இரண்டாகப் பிரியுங்கள். 20 கோடி இப்போது. பிறகு கிலோவுக்கு 30 ரூபாய்க்கு மேல் நிற்கும் ஆண்டுகளில், அந்த அதிகத்தில் ஒரு பங்கு ஐந்து ஆண்டுவரை அவருக்கு. நல்ல காலம் வரும் என்று அவர் உண்மையிலேயே நம்பினால் இதை ஏற்பார். மறுத்தால், அந்த நம்பிக்கையை உங்களிடம் விற்கிறார் என்று அறிந்துகொள்ளலாம். இரண்டுக்கும் இசையவில்லை என்றால் விலகுங்கள். அதே பணத்தில் ஒரு பகுதியை உங்கள் மில்லின் பழைய ரிங் பிரேம்களை மாற்றவும், சூரிய மின்சாரத்துக்கும் போட்டால் கிலோவுக்கு என்ன மிச்சமாகும் என்று மச்சானையே கணக்குப் போடச் சொல்லுங்கள். இந்த மில்லை வாங்குவதா, வேண்டாமா என்று மட்டும் யோசித்ததில் அந்தக் கேள்வி உங்கள் கடிதத்தில் வரவே இல்லை.

பேசப் போகும் முன், உங்கள் உச்ச விலையை எழுதி, கையொப்பமிட்டு, உறையில் ஒட்டி மச்சானிடம் கொடுத்துவிடுங்கள். பேச்சின் நடுவே அந்த எண்ணைத் தாண்டத் தோன்றினால், அன்றே முடிவு சொல்லாமல் வீட்டுக்கு வந்து, உறையை இருவரும் சேர்ந்து பிரித்துப் பாருங்கள். விற்பவரிடம் பேசும்போது முதல் எண்ணை நீங்கள் சொல்லுங்கள். "34-ல் எவ்வளவு குறைப்பீர்கள்" என்று தொடங்காதீர்கள். "88 சதவீத ஓட்டத்தில், கிலோவுக்கு 22 ரூபாயில் எங்கள் கணக்கு இது" என்று தாளை அவர் முன் வையுங்கள். மாற்றுக் கணக்கு இருந்தால் அவர் தன் மில்லின் பத்தாண்டுப் பேரேட்டைக் காட்டட்டும். அதில் என் 22 ரூபாய் தவறு என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். கணக்கை மறுபடி போட்டுத் தருகிறேன்.